பாட்டி காதில் டெலிவிஷன் பேசட்டும்!

இரவு எட்டு மணி. மேலூர்ப் பக்கம் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பாட்டிக்குக் காது மந்தம். காதுக்குப் பின்னால் கருவி மாட்டியிருக்கிறார். ஆனாலும், "இன்னும் சத்தமா வையிடா!" என்கிறார். பேரன் கூட்டுகிறான். தெரு முழுவதும் கேட்கிறது. பாட்டிக்கு மட்டும் பேச்சு விளங்கவில்லை!

குறை பாட்டியிடம் இல்லை. கருவியில் உள்ள மைக் எல்லாவற்றையும் பிடிக்கிறது. மின்விசிறி ஓசை, குக்கர் விசில், பிள்ளைகளின் கூச்சல் எல்லாம் காதுக்குள் போகின்றன. டெலிவிஷனோ பத்தடி தள்ளி இருக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் சுவரில் மோதி வரும் எதிரொலியும் சேர்ந்து கூடுகிறது.

இதற்கு வழி புதியதல்ல. ஜோசப் போலியகாஃப் என்பவர் 1937-ம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் இந்த முறைக்கு உரிமை பதிவு செய்தார். சத்தத்தைக் காற்றில் அனுப்பாமல், காந்த சக்தியாக அனுப்புவதுதான் அது.

பல காதுக் கருவிகளுக்குள் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. கழுத்தில் மாலைபோலப் போட்டுக்கொள்ளும் கம்பி வளையம் தனியாக விற்கிறது. அதன் முனையை டெலிவிஷனின் ஹெட்போன் துளையில் செருக வேண்டும். பிறகு கருவியை 'T' என்ற நிலைக்கு மாற்ற வேண்டும். வளையத்தில் ஓடும் மின்சாரம் காந்த அலையை எழுப்புகிறது. கருவியில் உள்ள சுருள் அதைப் பிடித்து மறுபடியும் சத்தமாக்குகிறது. மைக் ஓய்ந்துவிடுவதால் குக்கர் விசில் குறுக்கே வராது.

இதில் சில தொல்லைகளும் உண்டு. ஹெட்போன் துளையில் செருகியதும் பல பெட்டிகளில் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். பாட்டிக்குக் கேட்கும், வீட்டாருக்குக் கேட்காது! இரண்டும் சேர்ந்து ஒலிக்க வழி இருக்கிறதா என்று பெட்டியின் செட்டிங்கில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால், செட்-டாப் பெட்டியின் பின்புறம் சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருந்தால் அங்கிருந்து எடுக்கலாம். அங்கு வரும் சத்தம் மெலிந்தது. பேட்டரி வைத்துச் சத்தத்தைப் பெருக்கும் வளையமே அதற்குச் சரிப்படும். ஒயர் மாட்டியிருப்பதை மறந்து பாட்டி எழுந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்!

சில வீடுகளில் 'உர்ர்' என்று இரைச்சல் வரும். வளையத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கருவியை 'T'-யிலேயே விட்டுப் பாருங்கள். அப்போதும் இரைந்தால் வளையத்தில் பழுதில்லை. பக்கத்தில் உள்ள இன்வெர்ட்டரோ, டியூப் லைட் சோக்கோதான் காரணம். நாற்காலியை நாலடி தள்ளிப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

'T'-யில் இருக்கும்போது வாசலில் யாராவது கூப்பிட்டால் கேட்காது. 'MT' என்ற நிலை இருந்தால் இரண்டும் கேட்கும்.

காதுக்குள்ளேயே மறையும் சின்னக் கருவிகள் பலவற்றில் இந்தச் சுருள் இல்லை. சில புதுக் கருவிகளில் சுருள் இருந்தும், அதைக் கணினி மூலம் திறந்துவிட்டால்தான் வேலை செய்யும். திறக்காவிட்டால் சுருள் உள்ளேயே தூங்கும்! கருவி வாங்கித் தருகிற பிள்ளைகள் விலையையும் நிறத்தையும் கேட்கிறார்கள், இதைக் கேட்பதில்லை. மதுரையில் அரசு ஆஸ்பத்திரியில் வாங்கினாலும் சரி, கடையில் வாங்கினாலும் சரி, "இதில் 'T' இருக்கிறதா? திறந்துவிட்டீர்களா?" என்று கேட்க வேண்டும். பாட்டியை அங்கேயே உட்காரவைத்து, ஒரு வளையத்தைக் கழுத்தில் போட்டுக் கேட்கச் செய்த பிறகே பணத்தை எண்ண வேண்டும்.