“நூற்றைம்பது வருஷப் பழசு” என்று இனி எழுதாதீர்கள்



விராலிமலையில் எந்த வீட்டுப் பரணிலிருந்து சிங்கர் தையல் மிஷின் இறங்கினாலும் அதற்கு இப்போது நூற்றைம்பது வயது ஆகிவிடுகிறது. நம் அப்பத்தாவின் மிதி மிஷினையும் குடும்பக் குழுவில் அப்படித்தான் எழுதிவிட்டார்கள். யாரோ ஒரு பழம்பொருள் வியாபாரி சொன்னாராம். சாட்சி என்னவென்றால், மிஷின் மேல் இருக்கும் தங்கநிற ஸ்பிங்க்ஸ் படம்.

படம் சாட்சி ஆகாது. அதே ஸ்பிங்க்ஸைப் பல பத்தாண்டுகள் ஒட்டி விற்றார்கள். பெயின்ட் அடிக்கும் கடைகளில் இன்றும் புதிதாக ஒட்டித் தருகிறார்கள். கீழே உள்ள இரும்பு ஸ்டாண்டும் சாட்சி ஆகாது. ஒரு தலை, வேறொரு ஸ்டாண்ட் என்று மாற்றிப் பூட்டுவது சாதாரணம்.

அடித்தட்டின் தகட்டை நகர்த்தி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். உள்ளே நீளமான ஷட்டில் நேர்கோட்டில் போய்வந்தால் அது பழைய முறை. பெண்டுலம் போல வளைந்து ஆடினால், அந்த முறையை சிங்கர் கொண்டுவந்ததே 1880-களின் நடுவில்தான். நம் மிஷினில் ஷட்டில் ஆடுகிறது. நூற்றைம்பது அங்கேயே அடிபட்டுப் போயிற்று. ஆனால் இந்த முறை பல பத்தாண்டுகள் நீடித்தது. அதனால் ‘இதற்கு முன் இல்லை’ என்று மட்டும்தான் ஷட்டில் சொல்லும்.

மீதியை எண் சொல்லும். அடித்தட்டின் வலது ஓரத்தில் அழுக்கை எண்ணெய்ப் பஞ்சால் துடைத்தால் தெரியும். எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து போடும் வழக்கம் 1900-இல்தான் வந்தது. நம்முடையது ‘ஒய்’யில் தொடங்குகிறது. அது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலைக்கு 1921 முதல் 1935 வரை ஒதுக்கிய வரிசை. ஒதுக்கிய பிறகுதான் மிஷின் செய்வார்கள், கப்பலேற்றுவார்கள். ஆகவே கடைக்கு வந்தது சற்றுப் பிந்தியும் இருக்கலாம்.

இதில் என்ன போயிற்று என்று கேட்பீர்கள். அப்பத்தா தன் காதுத் தோட்டை விற்று, கல்யாணமாகி வந்த சில வருஷங்களில் புதிதாக வாங்கிய மிஷின் இது. எண்ணும் அந்தக் காலத்தையே காட்டுகிறது. நூற்றைம்பது என்றால், அவர் பிறப்பதற்கு முன்பே யாரோ ஒரு துரை வீட்டில் கிடந்த சாமான் ஆகிவிடும். நாலு ஆயிரம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காக அவருடைய தோட்டை அழிக்கிறீர்கள்.

விற்பதா வேண்டாமா என்பதைப் பங்காளிகள் கூடிப் பேசுங்கள். அதுவரை தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், தங்கப் படம் கையோடு வந்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் எண்ணும் போய்விடும். அப்புறம் வியாபாரி சொல்வதுதான் வயது.