பன்னிரண்டு சதவீதம், எந்தத் தொகையின் மீது?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரக் கிராமங்களிலிருந்து களியக்காவிளையைக் கடந்து குமரி மாவட்டத்திற்கு வேலைக்குச் செல்வோரும் உண்டு. அங்கிருந்து இங்கு வருவோரும் உண்டு. எல்லையைத் தாண்டினால் குறைந்தபட்ச ஊதியம் மாறும். வருங்கால வைப்பு நிதிக் கணக்கு மாறாது. அது மத்தியச் சட்டத்தின்படி நடப்பது. எந்தப் பக்கம் உழைத்தாலும் தொழிலாளியின் யு.ஏ.என். எண் ஒன்றே.

தொழிலாளி 12 சதவீதம், முதலாளி 12 சதவீதம் என்பதைத் தோழர்கள் அறிவர். பீடி, செங்கல், கயிறு போன்ற சில தொழில்களில் மட்டும் இது 10. மோசடி சதவீதத்தில் நடப்பது அரிது; எந்தத் தொகையின் மீது கணக்கிடப்படுகிறது என்பதில்தான் நடக்கிறது. அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்ததே கணக்கிடும் தொகை. வீட்டு வாடகைப்படி, மிகைநேர ஊதியம், போனஸ் ஆகியவை அதில் சேரா. இந்த விலக்கைத்தான் முதலாளிகள் வாசலாக்கிக் கொள்கின்றனர்.

மாதம் 14,000 ரூபாய் பெறும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். ஊதியச் சீட்டில் அடிப்படையும் பஞ்சப்படியுமாக 8,000 ரூபாய், 'சிறப்புப்படி' என 6,000 ரூபாய். பிடித்தம் 8,000க்கு மட்டும் என்பதால் 960 ரூபாய். முதலாளி செலுத்துவதும் 960தான். முழு ஊதியத்தின் மீது கணக்கிட்டிருந்தால் இரு தரப்பிலும் 1,680 ரூபாய் வீதம் சேர்ந்திருக்கும். கையில் கிடைக்கும் சம்பளம் சற்றுக் கூடுவதால் தொழிலாளிக்கு இது முதலில் நல்லதாகவே தோன்றும். ஆனால் முதலாளி மாதந்தோறும் மிச்சப்படுத்தும் 720 ரூபாய் அவருடையதல்ல.

இழப்பு அத்துடன் நிற்பதில்லை. முதலாளியின் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்திற்குச் செல்கிறது, எஞ்சிய 3.67 மட்டுமே வைப்பு நிதியில் சேர்கிறது. ஓய்வூதியத்திற்கான சூத்திரம் ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பது. 14 ஆண்டு பணிக்கு 14,000 ரூபாயில் 2,800 கிடைக்கும். 8,000 ரூபாயில் 1,600 மட்டுமே. 58 வயதுக்குப் பிறகு மாதந்தோறும் 1,200 ரூபாய் குறைகிறது.

2019 பிப்ரவரி 28 அன்று விவேகானந்த வித்யாமந்திர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வாசலை அடைத்தது. எல்லோருக்கும் வழக்கமாகத் தரப்படும் படி, கூடுதல் வேலையுடன் தொடர்பில்லாதது எனில், அடிப்படை ஊதியத்தின் பகுதியே என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமோ, பட்டியலிட்ட படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதியை ஊதியத்துடன் சேர்க்கச் சொல்கிறது. பாதிவரை தப்பலாம் என்றே முதலாளிகள் இதை வாசிக்க முனைவர். சிறப்புப்படி என்ற பெயர் அப்பட்டியலில் இல்லை என்பதைச் சங்கங்கள் விடாமல் எடுத்துரைக்க வேண்டும்.

இன்னொரு தந்திரம், முதலாளியின் பங்கையும் தொழிலாளியின் சம்பளத்திலேயே பிடிப்பது. ஒப்பந்ததாரரிடம் இது அதிகம். சட்டம் இதை வெளிப்படையாகத் தடை செய்கிறது. ஒப்பந்ததாரர் கட்டத் தவறினால் முதன்மை முதலாளியே பொறுப்பு. ஊதியச் சீட்டையும் பாஸ்புத்தகத்தில் பதிவான ஊதியத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டு தந்திரங்களும் புலப்படும். அவ்விரண்டின் நகலுடன் வேலையிடம் சார்ந்த வைப்பு நிதி அலுவலகத்தில் முறையிடலாம். பாக்கியை நிர்ணயிக்கும் விசாரணையை நடத்தும் அதிகாரம் அதற்கு உண்டு.