முடிவு மீதியை மட்டும் பார்த்து வட்டியைப் பிரிக்காதீர்கள்

சென்ற வருடக் கடைசியில் எங்கள் வட்ஸ்அப்புக்கு ஒரு ஸ்கிரீன்ஷொட் வந்தது. அனுப்பியவர் எங்களிடம் படிக்கும் பிள்ளையொன்றின் தாய். பக்கத்துத் தமிழ்க் கிராமத்தில் பத்துப் பெண்கள் சேர்ந்து ஜனவரியில் தொடங்கிய சேமிப்புக் கடன் குழுவுக்கு அவர்தான் பொருளாளர். “சேர், நாளைக்குக் கூட்டம். 1,200 ரூபா குறையுது. நான் எடுத்திட்டன் எண்டு கதைக்கிறாங்க. எங்க பிழை எண்டு பார்த்துச் சொல்லுங்க” என்று குரல் பதிவும் வந்தது.

வட்டி பற்றிய எங்கள் மார்க்கத்தின் நிலைப்பாடு எல்லோருக்கும் தெரிந்தது. அதை இங்கே நாங்கள் மாற்றிப் பேசவில்லை. நாங்கள் பார்த்தது கணக்கை மட்டும். பலர் வெவ்வேறு நாளில் பணம் போட்டு, வந்த வருமானத்தை வருடக் கடைசியில் பிரிக்கும் எந்த இடத்திலும் இதே பிழை நடக்கும். கூட்டுக் கடையின் இலாபத்தைப் பிரிக்கும்போதும் நடக்கும். அதனால்தான் எழுதுகிறோம்.

ஸ்கிரீன்ஷொட்டில் பெயர், மொத்தச் சேமிப்பு, கடன், வட்டி என்று நான்கு நிரல்கள் இருந்தன. சேமிப்பின் கூட்டுத்தொகை 132,000. வட்டியின் கூட்டுத்தொகை 14,670. புத்தகம் வாங்கவும் வங்கிக்குப் போகவும் செலவு 600. அப்படியானால் குழுவிடம் 146,070 ரூபா இருக்க வேண்டும். இருந்ததோ வங்கியில் 52,000, கையில் 7,870, வெளியே நிற்கும் கடன் முதல் 85,000. கூட்டினால் 144,870. சரியாக 1,200 ரூபா குறைவு.

கடன் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். 20,000 ரூபா கடன் வாங்கிய ஒருவர் கடைசி மூன்று மாதமும் வட்டி கட்டவில்லை. மாதம் நூற்றுக்கு இரண்டு என்றால் 400 ரூபா. மூன்று மாதத்துக்கு 1,200. வர வேண்டிய வட்டியையும் வந்த வட்டியாகவே நிரலில் எழுதியிருந்தார்கள். காசை யாரும் எடுக்கவில்லை. அது இன்னும் வரவேயில்லை. அதையும் சேர்த்துப் பிரித்திருந்தால் அந்த 1,200 ரூபா அங்கத்தவர்களின் சேமிப்பிலிருந்துதான் போயிருக்கும். ஆகவே பிரிக்கக்கூடியது கைக்கு வந்த 13,470 ரூபாவில் செலவு 600 போக 12,870 ரூபா. பொருளாளர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

ஆனால் அடுத்த சண்டை காத்திருந்தது. அந்த 12,870 ரூபாவை எப்படிப் பிரிப்பது? சிலர் பத்தால் வகுத்து ஆளுக்கு 1,287 கொடுங்கள் என்றார்கள். சிலர் மொத்தச் சேமிப்பின் விகிதப்படி கொடுங்கள் என்றார்கள். இரண்டாவது முறை நியாயமாகத் தெரியும். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். மாதப் பக்கங்கள் வந்த பிறகுதான் அதில் உள்ள ஓட்டை தெரிந்தது.

ஏழு பேர் மாதம் 1,000 ரூபாவாகக் கட்டியிருந்தார்கள். ஒருவர் மாதம் 2,000. ஒரு சகோதரி வெளிநாட்டிலிருந்து வந்த காசில் ஜனவரியிலேயே 12,000 ரூபாவையும் கட்டிவிட்டார். இன்னொரு சகோதரி வருடம் முழுக்கக் கட்டாமல் டிசம்பர் கூட்டத்தில் 12,000 ரூபாவை ஒரேயடியாகக் கட்டினார். ஸ்கிரீன்ஷொட்டில் இந்த இருவருக்கும் நேரே ஒரே எண்தான், 12,000. மொத்தச் சேமிப்பின்படி பிரித்தால் இருவருக்கும் தலா 1,170 ரூபா.

ஜனவரிச் சகோதரியின் காசு பன்னிரண்டு மாதம் குழுவில் நின்று, கடனாகப் போய், வட்டி கொண்டுவந்தது. டிசம்பர்ச் சகோதரியின் காசு ஒரு மாதம் மட்டும் நின்றது. முடிவு மீதி எவ்வளவு காசு என்று சொல்லும். எவ்வளவு காலம் நின்றது என்று சொல்லாது.

இதற்கான கணக்கு நம் பிள்ளைகளின் பாடத்திலேயே இருக்கிறது. சாதாரண தரக் கணிதத்தில் தவணைக் கட்டணக் கணக்குச் செய்யும்போது மாத அலகு என்று படிப்பிக்கிறோம். ஒரு தொகை எத்தனை மாதம் நின்றதோ அத்தனையால் அதைப் பெருக்க வேண்டும். மாதம் 1,000 கட்டியவரின் ஜனவரிக் காசு 12 மாதம், பெப்ரவரிக் காசு 11 மாதம், இப்படியே டிசம்பர்க் காசு 1 மாதம். கூட்டினால் 78. அதாவது 78,000 ரூபா ஒரு மாதம் நின்றதற்குச் சமம்.

மாதம் 2,000 கட்டியவருக்கு 156,000. ஜனவரிச் சகோதரிக்கு 12,000ஐ 12ஆல் பெருக்கி 144,000. டிசம்பர்ச் சகோதரிக்கு 12,000 மட்டும். ஏழு பேரின் 546,000 உடன் எல்லாம் சேர்த்தால் 858,000. வருமானம் 12,870ஐ இதனால் வகுத்தால் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 15 ரூபா விழுகிறது.

ஏழு பேருக்கும் தலா 1,170. மாதம் 2,000 கட்டியவருக்கு 2,340. இவர்கள் எட்டுப் பேருக்கும் மொத்தச் சேமிப்பு முறையிலும் இதே தொகைதான். மாறுவது இருவருக்கு மட்டும். ஜனவரிச் சகோதரிக்கு 2,160, டிசம்பர்ச் சகோதரிக்கு 180. அதாவது பழைய முறையில் ஒருவர் உழைத்த 990 ரூபா சத்தமில்லாமல் மற்றவர் கைக்குப் போயிருக்கும். மற்ற எட்டுப் பேருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாததால் கேட்பதற்கும் ஆளில்லை.

கணினியில் கணக்கு வைப்போருக்கு இது ஒரு வரி வேலை. இரண்டாம் வரிசையில் B முதல் M வரை 12, 11 என்று 1 வரை எழுதுங்கள். மூன்றாம் வரிசையிலிருந்து ஒவ்வொருவரும் அந்தந்த மாதம் கட்டியதை எழுதுங்கள். இடையில் சேமிப்பைத் திருப்பி எடுத்தால் அந்த மாதத்தில் கழித்தல் அடையாளத்துடன் எழுதுங்கள்.

```
=SUMPRODUCT(B3:M3,B$2:M$2)
```

இரண்டாம் வருடத்தில் பழைய மீதியை மறக்கக் கூடாது. அது பன்னிரண்டு மாதமும் நிற்கிற காசு, ஆகவே 12ஆல் பெருக்கி இத்துடன் சேர்க்க வேண்டும்.

சமமாகப் பிரிப்பது பாவம் என்று நாங்கள் சொல்லவில்லை. எல்லோரும் ஒரே தொகையை ஒரே நாளில் கட்டும் குழுவில் மூன்று முறையிலும் ஒரே விடைதான் வரும். வசதி குறைந்தவருக்கும் சம பங்கு போகட்டும் என்று பத்துப் பேரும் தெரிந்தே முடிவெடுத்தாலும் சரிதான். தெரியாமல் எடுத்துக் கொடுப்பதுதான் பிழை.

அடுத்த நாள் கூட்டத்தில் மாத அலகுப்படியே பிரித்தார்கள். டிசம்பர்ச் சகோதரி 180 ரூபாவை வாங்கிக்கொண்டு, “இப்பிடியெண்டு முதலே சொல்லியிருந்தா மாசா மாசம் கட்டியிருப்பனே” என்றாராம். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. காசு கட்டிய பிறகு விதி எழுதினால் யாராவது ஒருவருக்கு மனம் நோகத்தான் செய்யும். புது வருடப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், ஒரு பெயரும் எழுதுவதற்கு முன், இரண்டு வரிகள் எழுதிப் பத்துப் பேரும் கையொப்பம் வையுங்கள்: கைக்கு வந்த வட்டியை மட்டும் பிரிப்போம், காசு நின்ற மாதத்தையும் சேர்த்துப் பிரிப்போம்.