'ஆட்டோ' யாருக்காகத் தேர்கிறது?

காணொளியின் தரத்தை Auto என்பதிலேயே விட்டுவிடுங்கள், செயலி பார்த்துக்கொள்ளும் என்று அறிவுரை கூறுவோர் பலர். பொறியியல் பயின்றவர்களும் அப்படிச் சொல்வதுதான் வியப்பு. அச்செயலி எதைப் பார்த்துக்கொள்கிறது? முதன்மையாக இரண்டை: இணைப்பின் வேகம், முன்கூட்டியே இறங்கிக் காத்திருக்கும் காட்சித் துண்டுகளின் இருப்பு. வேகம் இருந்தால் தரத்தை உயர்த்தும், இல்லையேல் தாழ்த்தும். உங்கள் அன்றாடத் தரவு 1.5 ஜிபி மட்டுமே என்பதும், அதில் எவ்வளவு மிச்சம் என்பதும் அதன் கணக்கில் இல்லை.

விடுதியில் தங்கி என்பிடெல் விரிவுரைகளைக் கைப்பேசியில் பார்க்கும் மாணவரை எண்ணிப் பாருங்கள். விநாடிக்கு 2.5 மெகாபிட் வீதத்தில் 720p ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.1 ஜிபி கரையும். இரண்டாம் விரிவுரையின் இருபதாவது நிமிடத்தையொட்டிக் கையிருப்பு தீர்ந்துவிடும். விநாடிக்கு 1 மெகாபிட் வீதத்தில் 480p ஓடினால் மணிக்கு 450 எம்பிதான். மூன்று விரிவுரைகளை முடிக்கலாம். அளவு தீர்ந்தபின் பல திட்டங்களில் எஞ்சுவது 64 கேபிபிஎஸ். அதில் காணொளி ஓடாது.

தெளிவு கெடுமே என்பார்கள். அளந்தே பார்ப்போம். 6.5 அங்குலத் திரையைக் கிடையாகப் பிடித்தால் படத்தின் உயரம் ஏறக்குறைய 7 செ.மீ. 35 செ.மீ. தொலைவிலிருந்து நோக்கும் இயல்பான கண், அவ்வுயரத்தில் பிரித்தறியக்கூடிய கோடுகள் எழுநூறுக்குச் சற்று முன்பின். ஆகவே 1080p பெரும்பாலும் வீண். கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடித்தாலோ படம் 4 செ.மீ. உயரத்துக்குச் சுருங்கிவிடுகிறது, அங்கே 480p-யே கண்ணின் வரம்பை மிஞ்சுகிறது. கரும்பலகையின் சிறிய எழுத்தை வாசிக்க வேண்டிய நிமிடங்களுக்கு மட்டும் கிடையாகத் திருப்பி 720p-க்கு உயர்த்தினால் போதும்.

மின்கலத்தைப் பற்றிய பேச்சில் நம் தரப்பினரும் மிகைப்படுத்துகிறார்கள். 1080p-இல் 480p-யைப் போல் ஐந்து மடங்கு படப்புள்ளிகள் இருப்பதால் மின்செலவும் ஐந்து மடங்காகிவிடாது. திரையின் ஒளியும், அலைவரிசை மெலிந்த இடத்தில் ரேடியோ படும் பாடும் பெரிய செலவுகள். ஒரு விதிவிலக்கு உண்டு. ஏவி1 முறையில் வரும் காணொளியைப் பிரிக்கத் தனிச் சுற்று இல்லாத கைப்பேசியில், முழுச் சுமையும் மையச் செயலகத்தின் தலையில் விழும். அப்போது பின்புறம் சூடேறுவதைக் கையே உணரும். அங்கே தரத்தைக் குறைப்பது மெய்யாகவே உதவும்.

யூடியூபில் பற்சக்கரக் குறியைத் தொட்டு, Advanced வழியே 480p எனத் தேர்ந்தால் அது அந்த ஒரு காணொளிக்கு மட்டுமே. நிலையான அமைப்பில் கிடைப்பவை Data saver, Higher picture quality போன்ற சொற்கள், எண் இல்லை. மொபைல் இணைப்பில் 480p-ஐத் தாண்டாதே என்று ஒருமுறை சொல்லிவைக்கும் வசதியைத்தான் நாம் கேட்க வேண்டும். அது வரும்வரை, ஒவ்வொரு விரிவுரையின் தொடக்கத்திலும் அந்தப் பற்சக்கரத்தைத் தொடுவதைத் தவிர மாணவருக்கு வழியில்லை.