கார்டு நம்பர் மட்டும்தான் ரகசியமா?

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பெண் கோட்டூர்புரத்திலேயே வீட்டில் பலகாரம் செய்து விற்கிறாள். கை மணக்கும் முறுக்கு. போன தீபாவளிக்கு கூகுள் ஃபார்ம் லிங்க் அனுப்பினாள். பெயர், போன் நம்பர், விலாசம், எத்தனை கிலோ, 'டெலிவரிக்கு ஏதாவது குறிப்பு' என்று ஐந்து கேள்வி. நிரப்பி அனுப்பியதும் See previous responses என்று ஒரு வரி வந்தது. நான் அனுப்பியது சரியாகப் போனதா என்று பார்க்கத்தான் தொட்டேன். எனக்கு முன்னால் ஆர்டர் கொடுத்த இருநூறு பேருக்கு மேல், எல்லோருடைய பதிலும் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே வரிசையாக நின்றது.

அந்தக் கடைசிக் கேள்விக்கு வந்த பதில்கள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. "பகலில் அம்மா மட்டும்தான் இருப்பார், காது கேட்காது, மணியை இரண்டு தடவை அடிக்கவும்." "பத்தாம் தேதி வரை ஊரில் இல்லை, பிறகு கொண்டுவரவும்." பலர் விலாசக் கட்டத்திலேயே பெயர், பிளாக், மாடி, நம்பர் எல்லாம் எழுதியிருந்தார்கள். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், எந்த வீடு பூட்டியிருக்கிறது என்று நாமே எழுதி ஊருக்குக் கொடுத்த பட்டியல் அது.

உடனே போன் செய்தேன். அவள் சிரித்தாள். "டீச்சர், இது என்ன பெரிய ரகசியமா? நான் கார்டு நம்பரா கேட்டேன்?"

இந்தப் பதிவு அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில். அவள் மட்டுமல்ல, ட்யூஷன் சென்டர், பொட்டிக், டிராவல்ஸ் என்று நடத்தும் உங்களில் பலர் இதையே சொல்வீர்கள். பெரிய கம்பெனியே இதைத்தான் சொன்னது.

2021-இல் இந்தியாவில் டாமினோஸ் பீட்சா நடத்தும் ஜூபிலன்ட் நிறுவனத்தின் தகவல்கள் திருடு போயின. மொத்தம் 18 கோடி ஆர்டர்களின் விவரம் என்று திருடியவர்கள் சொன்னார்கள். மே மாதத்தில் அதை வைத்து ஒரு தேடுபக்கமே போட்டுவிட்டார்கள். யாருடைய போன் நம்பரையாவது தட்டினால், அவர் பீட்சா வாங்கிய இடம் வந்து நின்றது. ஒருவருடைய வீடு எது, அலுவலகம் எது என்று பீட்சாவை வைத்தே கண்டுபிடிக்கலாம். அதற்கு நிறுவனம் கொடுத்த விளக்கம்: பணம் சம்பந்தப்பட்ட தகவல் எதுவும் போகவில்லை, கார்டு விவரங்களை நாங்கள் சேமித்து வைப்பதே இல்லை.

ஆறுதலுக்காகச் சொன்ன பதில்தான். ஆனால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கார்டு ஏன் தப்பியது? அது அங்கே இல்லை, அதனால் தப்பியது. விலாசம் ஏன் போனது? அது அங்கே இருந்தது, அதனால் போனது. பீட்சாவைத் தின்று ஏப்பம் விட்டு வருடக்கணக்கான பிறகும் அந்த விலாசம் எதற்காக அங்கே இருந்தது என்ற கேள்விக்கு அந்தப் பதிலில் இடமே இல்லை.

கார்டு தொலைந்தால் வங்கிக்கு ஒரு போன், பழையதை முடக்கிப் புதியது தருவார்கள். என் விலாசத்தை நான் எப்படி முடக்குவது? முப்பது வருடமாக இருக்கும் ஹவுசிங் போர்டு வீட்டை மாற்ற முடியுமா? மாற்றக்கூடிய பொருளுக்கு இரும்புப் பெட்டி, மாற்ற முடியாததற்குத் திண்ணை. இதுதான் நம் நாட்டு வழக்கம்.

கார்டு விஷயத்தில் ரிசர்வ் வங்கி ஒரு நல்ல காரியம் செய்தது. 2022 அக்டோபர் 1 முதல் கடைக்காரர்கள் கார்டு நம்பரை வைத்திருக்கவே கூடாது, வைத்திருப்பதையும் அழிக்க வேண்டும் என்றது. கணக்குப் பார்க்க கடைசி நான்கு இலக்கமும் வங்கியின் பெயரும் போதும். அதனால் வியாபாரம் நின்றுவிடவில்லை. வேலைக்குத் தேவையான துண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தை அழிக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"ஜிஎஸ்டிக்கு வேண்டும் டீச்சர்" என்பார்கள். பில் வேண்டும்தான், பல வருடம் வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஜிஎஸ்டி பதிவு இல்லாத சாதாரண வாடிக்கையாளருக்கு 50,000 ரூபாய்க்குக் குறைவாகக் கடையில் போடும் பில்லில், அவர் கேட்டாலொழிய பெயரும் விலாசமும் எழுத வேண்டியதே இல்லை. காது கேட்காத அம்மாவைப் பற்றி எந்த ஆடிட்டரும் கேட்க மாட்டார்.

2023-இல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் வாங்கிய காரியம் முடிந்தால் அழி என்றுதான் சொல்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து பதினெட்டு மாதம். இரண்டு கோடிப் பயனர்களுக்கு மேல் உள்ள பெரிய இணையக் கடைகளுக்கு, வாடிக்கையாளர் திரும்பி வராவிட்டால் மூன்று வருடத்தில் அழிக்க வேண்டும் என்று கெடு. முறுக்குக்கு மூன்று வருடம் எதற்கு? பணம் வந்து, 'உடைந்திருந்தது' என்ற புகாரும் ஓய்ந்து, இரண்டு வாரம் போதும்.

சரி, எப்படி அழிப்பது? கார்த்திகை பிறந்ததும் அவள் வீட்டுக்கே போய் உட்கார்ந்தேன். முதலில் ஃபார்மின் Settings-இல் View results summary என்பதை அணைத்தாளா என்று பார்த்தேன். அணைத்திருந்தாள். பிறகு Delete all responses அழுத்தினாள். "முடிஞ்சுது டீச்சர்" என்றாள். முடியவில்லை. அந்த ஃபார்மோடு இணைத்திருந்த ஷீட்டில் எல்லாம் அப்படியே இருந்தது, அது தனிப் பிரதி. ஷீட்டில் வரிகளை அழித்தாள். அப்போதும் முடியவில்லை. Version history திறந்தால் நேற்றைய ஷீட் முழுசாக வந்தது. அந்த ஃபைலையே தூக்கி, Trash-ஐயும் காலி செய்தோம். செய்யாவிட்டால் அங்கே முப்பது நாள் கிடக்கும். லேப்டாப்பின் டவுன்லோட்ஸில் இரண்டு எக்ஸெல். அதுவும் போயிற்று.

கடைசியில் டெலிவரிப் பையன். பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவனுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறாள். இவள் பக்கம் அழித்தால் அவன் கேலரியில் இருப்பது போகாது. அவனைக் கூப்பிட்டு, எதிரில் வைத்து அழிக்கச் சொன்னோம். தங்கமான பையன், ஆனால் அந்த போனை அடுத்த மாதம் யாரிடம் விற்பானோ? அடுத்த தடவை அன்றன்றைய வீடுகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, மாலையில் திரும்ப வாங்கிக் கிழித்துவிடு என்றேன். கிழிக்காமல் பழைய பேப்பர்காரனிடம் போடாதே. என் மாணவன் ஒருவனுடைய விடைத்தாளில் மடித்த சுண்டலை நானே பீச்சில் வாங்கித் தின்றிருக்கிறேன்.

"அடுத்த வருஷம் இவங்களை எப்படிக் கூப்பிடுவேன்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஃபார்மிலேயே 'அடுத்த தீபாவளிக்குத் தகவல் அனுப்பலாமா?' என்று கேள், சரி என்றவர்களின் பெயரும் நம்பரும் மட்டும் வைத்துக்கொள் என்றேன். விலாசத்தை ஆர்டர் வரும்போது புதிதாக வாங்கிக்கொள்ளட்டும். இந்த வருடம் யாரிடமும் அப்படிக் கேட்கவில்லை என்பதால் எத்தனை கிலோ என்ற கணக்கை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

எழுந்திருக்கும்போது பார்த்தால், 2022-இலிருந்து ஒவ்வொரு வருட ஷீட்டும் டிரைவில் கிடக்கிறது. பழையதில் எங்கள் பிளாக் மாமி ஒருவர் எழுதியிருந்தார்: "மதியம் தூங்குவேன், கதவு தாழ் போட்டிருக்காது, உள்ளே வைத்துவிடவும்." மாமி காலமாகி இரண்டு வருடமாகிறது. அந்த வீட்டில் இப்போது வேறொரு வயதானவர் தனியாக இருக்கிறார். அதையும் அழித்துவிட்டுத்தான் காபி குடித்தோம்.

பி.கு.: போன பதிவுக்குச் செய்த மாதிரி யாரும் இங்கே கமெண்டில் போன் நம்பரும் விலாசமும் போட்டு "வீட்டுக்கு வாங்க டீச்சர்" என்று கூப்பிட வேண்டாம். கண்டிப்பாக வருவேன், நம்பரைத் தனியாக அனுப்புங்கள்.