கத்திரிக்காய் மீது பழி போடாதீர்கள்

நடுவட்டத்தில் ஒரு பெண்ணின் காது மடல் சிவந்து, நமைத்து, நீர் கசியத் தொடங்கினால் அந்த வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது கத்திரிக்காய். அடுத்த வாரம் கருவாடு போகும், அதற்கடுத்து முட்டை. "ரத்தம் கெட்டிருக்கு, அதான் வெளியே தள்ளுது" என்பார் பக்கத்து லைன் அக்கா. "உடம்புச் சூடு" என்பார் மாமியார். ஊட்டிக்கும் கூடலூருக்கும் நடுவே, ஆண்டில் பாதி நாள் மழையும் மஞ்சுமாகக் கிடக்கும் இந்த ஊரிலும் தோலில் எது வந்தாலும் சூடு என்றே பேச்சு. வாட்ச் கட்டிய மணிக்கட்டில் சொறி வந்த ஆணுக்கும் இதே தீர்ப்புதான். பத்தியம், வேப்பிலைக் கொழுந்து, கடைசியில் மருந்துக்கடையில் ஒரு களிம்பு. கம்மலையும் வாட்சையும் யாரும் சந்தேகிப்பதில்லை.

தோலில் வரும் அரிப்பெல்லாம் உள்ளே இருந்து வருகிறது என்ற இந்த நம்பிக்கையைத்தான் நான் எதிர்க்கிறேன். இதனால் ஏழை வீட்டுத் தட்டில் இருந்த சத்துள்ள உணவு போகிறது, கூலி போகிறது, தோலும் கெடுகிறது. காரணமான உலோகம் மட்டும் காதிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது.

கம்மலைக் காட்டி "இதுவாக இருக்கலாம்" என்றால் உடனே வரும் பதில்: "பத்து வருஷமா இதைத்தானே போடுறேன், இவ்வளவு நாள் வராதது இப்போ எப்படி வரும்?" நியாயமாகத் தோன்றும் கேள்விதான். ஆனால் இத்தகைய நகைகளில் இருக்கும் நிக்கல் என்ற உலோகத்துக்கான ஒவ்வாமை பிறவியில் வருவதில்லை, பழக்கத்தில் வருகிறது. வியர்வை பட்டு உலோகத்திலிருந்து கரையும் நிக்கல் தோலுக்குள் இறங்கி, அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. தோலில் காவல் இருக்கும் செல்கள் அதை எடுத்துக்கொண்டு நெறிகட்டும் இடங்களுக்குப் போய், டி-செல்கள் என்னும் வெள்ளை அணுக்களுக்கு அடையாளம் காட்டுகின்றன. இந்த அறிமுகம் சிலருக்குச் சில வாரங்களில் நடக்கும். சிலருக்குப் பல வருடங்கள் ஆகும், பலருக்கு நடக்கவே நடக்காது. நடந்துவிட்டால் அந்த நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அழிவதில்லை. ஆகவே பத்து வருடம் ஒன்றும் செய்யாத கம்மல் பதினோராவது வருடம் புண்ணாக்குவது இந்த ஒவ்வாமையின் இயல்பு.

கத்திரிக்காய் மாட்டிக்கொள்வதற்குக் காரணம், நினைவு பதிந்த பிறகு நடப்பது. நிக்கல் பட்டவுடன் அரிப்பு வராது. டி-செல்கள் திரண்டு வந்து சேர ஒரு நாள், இரண்டு நாள், சிலருக்கு மூன்று நாளும் ஆகும். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குக் கவரிங் செட் போட்டுவிட்டு அன்றிரவே கழற்றி வைத்தவருக்குச் செவ்வாய்க்கிழமை காது நமைக்கும். செவ்வாய்க்கிழமை காதில் ஒன்றும் இல்லை. திங்கள் இரவு சாப்பிட்ட குழம்புதான் ஞாபகத்தில் இருக்கிறது.

சொறி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று உற்றுப் பார்த்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும். ரத்தம் கெட்டு வருவதாக இருந்தால், அது பக்கிள் அளவுக்கு அளந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் மட்டும் ஏன் வர வேண்டும்? பக்கிளுக்கு அடியில் மட்டும் இருந்தால் நிக்கல் மேல் சந்தேகம் வலுக்கிறது. ஜீன்ஸ் பொத்தான் படும் தொப்புளுக்குக் கீழே, சேலையில் ஊக்கு உரசும் தோளில் என்று கூடவே இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். வார் சுற்றிய இடம் முழுக்க வளையமாக இருந்தால் வேறு ஆட்களையும் விசாரிக்க வேண்டும்: தோல் வாராக இருந்தால் பதனிடப் பயன்படும் குரோமியம், ரப்பர் வாராக இருந்தால் ரப்பரை இறுக்கச் சேர்க்கும் ரசாயனங்கள். வாருக்கு அடியில் தேங்கும் சோப்பும் வியர்வையும்கூட ஒவ்வாமை எதுவும் இல்லாமலே தோலைப் புண்ணாக்கும். ஓரம் மட்டும் தடித்து, நடுவில் ஆறிக்கொண்டே பரவினால் அது படர்தாமரையாக இருக்கலாம். "குளிர் ஊர், வியர்வையே இல்லை" என்று நினைக்க வேண்டாம். ஸ்வெட்டருக்கு மேல் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறிக் கொழுந்து பறிப்பவரின் மணிக்கட்டு நாள் முழுக்க ஈரம்தான்.

அந்தக் கம்மலில் நிக்கல் எங்கிருந்து வந்தது? கவரிங் நகை பெரும்பாலும் பித்தளை அல்லது செம்பு. பல நேரம் அதன்மேல் பளபளப்புக்கும் பிடிப்புக்கும் நிக்கல் பூசி, அதற்கும் மேலேதான் மிக மெல்லிய தங்கப் பூச்சு. பூச்சு தேயும்வரை சும்மா இருக்கும், தேய்ந்ததும் நிக்கல் வெளியே வரும். 916 முத்திரையுள்ள மஞ்சள் தங்கத்தில் மீதி இருப்பது வழக்கமாகச் செம்பும் வெள்ளியும் என்பதால் அது அரிதாகவே தொல்லை தரும். வெள்ளைத் தங்கம் அப்படியல்ல, அதில் நிக்கல் கலப்பதுண்டு. காது குத்தும்போது அசல் தங்கம்தான் போட வேண்டும் என்று பாட்டிமார் பிடிவாதம் பிடித்தது முழுக்கச் சரி. ஆறாத துளையின் ஈரத்தில் நிக்கல் படுவதுதான் இந்த ஒவ்வாமை உடலில் பதிவதற்குப் பெரிய வாசல்.

சந்தேகத்தை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை உதவாது. பட்டியல் நீளத்துக்கு உணவுப் பெயர்கள் அச்சிட்டுத் தரும் அலர்ஜி ரத்தப் பரிசோதனை தேடுவது ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை. நிக்கல் சொறிக்கும் அதற்கும் தொடர்பில்லை, இது டி-செல்களின் வேலை. கையில் ஊசியால் கீறி இருபது நிமிடத்தில் பார்க்கும் சோதனையும் இதற்கல்ல. இதற்கென உள்ளது பேட்ச் டெஸ்ட். 1895-இல் யோசெப் யாதாசோன் என்ற தோல் மருத்துவர் பாதரசத்தை வைத்துச் செய்து காட்டிய முறை இது. சந்தேகப்படும் பொருளைத் தோலில் வேண்டுமென்றே சிறிதளவு வைத்து, நோயை ஒரு பொட்டு அளவுக்கு வரவழைத்துப் பார்ப்பதுதான் சூட்சுமம்.

காது மடலிலும் மணிக்கட்டிலும் சொறியுள்ள ஒரு தோட்டத் தொழிலாளி நடுவட்டத்திலிருந்து இந்தச் சோதனைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை அவருடைய மேல்முதுகில் சிறு கிண்ணங்கள் பதித்த டேப் ஒட்டப்படும். ஒவ்வொரு கிண்ணமும் 8 மில்லிமீட்டர் அகலம். ஒன்றில் 5 சதவீத நிக்கல் சல்ஃபேட் கலந்த வாசலின், மற்றவற்றில் குரோமியம், கோபால்ட், ரப்பர் ரசாயனங்கள், வாசனைப் பொருட்கள், ஒன்றில் வெறும் வாசலின். இந்தியாவில் அடிக்கடி தொல்லை தரும் பொருட்களைத் தொகுத்த நிலையான வரிசையே இருக்கிறது. இரண்டு நாள் முதுகு நனையக்கூடாது, வியர்க்கக்கூடாது. அதாவது கூடை சுமக்கக்கூடாது. புதன்கிழமை டேப்பை எடுத்து, இடங்களைக் குறித்து, அழுத்தத்தின் சிவப்பு அடங்கும்வரை கொஞ்ச நேரம் பொறுத்து முதல் முறை பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை இரண்டாம் முறை.

அந்த வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டால் சோதனையே வீண். புதன்கிழமை லேசாகச் சிவந்து, வெள்ளிக்கிழமை மங்கிவிட்டால் அது பெரும்பாலும் வெறும் எரிச்சல். புதனை விட வெள்ளியில் தடித்து, சிறு பருக்களோ நீர்க்கொப்புளங்களோ தோன்றினால் அதுதான் ஒவ்வாமை. சிவந்து தடித்திருந்தால் ஒரு கூட்டல் குறி, கொப்புளமும் சேர்ந்தால் இரண்டு, கொப்புளங்கள் ஒன்றோடொன்று கூடிப்போனால் மூன்று. நிக்கலில் ஒரு ஏமாற்றும் உண்டு. சிலருக்கு மயிர்க்கால்களில் மட்டும் சிறு சீழ்ப்பொட்டுகள் வரும். அது ஒவ்வாமை அல்ல என்று அனுபவமுள்ள கண் பிரித்தறியும். முதுகில் ஸ்டீராய்டு களிம்பு போட்டிருந்தாலோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலோ இருக்கும் ஒவ்வாமையும் தெரியாமல் போகும். உடம்பெங்கும் சொறி கொதிக்கும் நேரத்தில் வைத்தால் எல்லாக் கிண்ணமும் சிவந்து பொய் சொல்லும். அதனால் முதலில் சொறியை அடக்கிவிட்டுத்தான் வைப்பார்கள்.

நிக்கல் கிண்ணத்தில் இரண்டு கூட்டல் வந்துவிட்டது என்றாலும் வழக்கு முடியவில்லை. அவருக்கு நிக்கல் ஒவ்வாமை உண்டு என்பது மட்டுமே நிரூபணம். இந்தக் கம்மல்தான் குற்றவாளி என்பதற்கு வேறு சாட்சி வேண்டும். அதற்கு டைமெத்தில்கிளையாக்சிம் என்ற கரைசல் இருக்கிறது. பஞ்சில் அதையும் அமோனியாவையும் ஒவ்வொரு சொட்டு விட்டு நகையின் மேல் தேய்த்தால், நிக்கல் கசியும் இடத்தில் பஞ்சு ரோஸ் நிறமாகும். நகைக்குக் கேடில்லை. பூச்சு தேயாத புது நகையில் இன்று நிறம் மாறாமல், ஆறு மாதம் கழித்து மாறவும் கூடும். பக்கிளில் ரோஸ், கம்மலின் திருகாணியில் ரோஸ், சொறியும் அதே இரண்டு இடத்தில், முதுகிலும் இரண்டு கூட்டல் என்று எல்லாம் பொருந்தினால்தான் தீர்ப்பு.

உணவுக்கும் நிக்கலுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒவ்வாமை மிகக் கடுமையாக உள்ள சிலருக்கு மட்டும், உணவில் இருக்கும் நிக்கல் உள்ளங்கையில் கொப்புளத்தைக் கிளப்பலாம். அப்படிப்பட்ட உணவுகளில் முன்னால் நிற்பவை பருப்பு, கொட்டை வகைகள், சோயா, கோகோ, நாம் பறிக்கும் தேயிலையும்தான். இதையும் பேட்ச் டெஸ்ட் முடிந்து, உலோகத்தை விலக்கியும் ஆறாதபோது மருத்துவர் யோசிப்பார். அடுப்படியில் ஊகித்து நிறுத்தக்கூடியதல்ல.

எனக்கு அதிகக் கோபம் வருவது களிம்பின் மேல். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமிக்கொல்லி மூன்றையும் ஒன்றாய்ப் பிசைந்த குழாய்கள் சீட்டில்லாமலே கைமாறுகின்றன. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், அதே கம்மலை மீண்டும் போடுவார்கள், மீண்டும் வரும், மீண்டும் களிம்பு. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, வெளிறிப்போகும். படர்தாமரையாக இருந்திருந்தால் அடையாளம் தெரியாமல் பரவும்.

தனி மனிதர் எச்சரிக்கையாக இருப்பதோடு இது முடியாது. டென்மார்க் 1990-களின் தொடக்கத்திலேயே தோலில் படும் பொருட்களிலிருந்து கசியும் நிக்கலுக்குச் சட்ட வரம்பு வைத்தது, 1994-இல் ஐரோப்பிய ஒன்றியம் பின்தொடர்ந்தது. ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் கசியக்கூடாது என்பது அந்த வரம்பு. அதன்பின் காது குத்திய இளம்பெண்களிடையே அங்கே இந்த ஒவ்வாமை குறைந்தது. சாப்பாட்டை மாற்றாமல் கம்மலை மாற்றிக் குறைத்தார்கள். இங்கேயும் கவரிங் அட்டையில் நிக்கல் உண்டா இல்லையா என்று அச்சிட வைக்க வேண்டும். ஒரு வாரத்தில் மூன்று பஸ் பயணம், அத்தனை நாள் கூலி இழப்பு என்பதால் சோதனையைத் தள்ளிப்போடும் தொழிலாளிக்குத் தோட்ட நிர்வாகங்கள் அந்த நாட்களைச் சம்பள விடுப்பாகத் தர வேண்டும்.

அதுவரை ஒரு வேண்டுகோள். காதோ மணிக்கட்டோ அரித்தால் சோற்றில் கை வைக்காதீர்கள், உலோகத்தைக் கழற்றுங்கள். ஒரு மாதம் போடாமல் இருந்து பாருங்கள். தோல் மருத்துவரிடம் போகும்போது, கழற்றிய கம்மலையும் வாட்சையும் இதுவரை தடவிய களிம்புக் குழாயையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துச் சென்று, பேட்ச் டெஸ்ட் எங்கே வைப்பார்கள் என்று வாய்திறந்து கேளுங்கள்.