கூட்டம் கூடினால் மட்டும் கூர்மையாகும் கேலி



நண்பர்கள் ஒருவரையொருவர் கேலி செய்வது நட்பின் இயல்பு. ஆனால் தனிமையில் கனிவாகப் பேசும் ஒரு நண்பர், நாலு பேர் கூடியவுடன் நம்மைக் குத்திப் பேசுகிறார் என்றால், அதுவும் ஒருமுறையன்று, மீண்டும் மீண்டும் அவ்வாறே நிகழ்கிறது என்றால், அதைக் குணக்கோளாறு என்றோ நகைச்சுவை என்றோ கடந்துவிட இயலாது. தனிமையில் அடங்கும் நாவு கூட்டத்தில் மட்டும் நீளுமானால், அந்தச் சொல் நம்மை நோக்கிச் சொல்லப்பட்டதன்று. பார்ப்பவர்களுக்காகச் சொல்லப்பட்டது.

பலர் முன்னிலையில் கேலி செய்வதே தவறு என்று இதற்குப் பொருளன்று. ஸாஹிர் (ரலி) என்னும் கிராமவாசித் தோழரின் நிகழ்ச்சியை அனஸ் (ரலி) அறிவித்துள்ளார்கள். அது அஹ்மதிலும் திர்மிதியின் ஷமாயிலிலும் இடம்பெற்றுள்ளது. ஸாஹிர் அழகிய தோற்றம் உடையவர் அல்லர். அவர் சந்தையில் பொருள் விற்றுக்கொண்டிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் பின்புறமாக வந்து அவரைக் கட்டிக்கொண்டு, இந்த அடிமையை வாங்குவார் யார் என்று விளையாட்டாகக் கேட்டார்கள். தம்மை விற்றால் விலை போகாதே என்று ஸாஹிர் கூற, அல்லாஹ்விடம் அவர் மதிப்புக் குறைந்தவர் அல்லர் என்று நபியவர்கள் மறுமொழி தந்தார்கள்.

இதுவும் கேலிதான். பலர் கூடும் சந்தையில் நடந்ததுதான். ஆனால் கேலி தொடங்கியபோது இருந்ததைவிட, முடிந்தபோது ஸாஹிரின் மதிப்பு உயர்ந்திருந்தது. அவர் தம்மைத் தாழ்த்திக்கொண்ட இடத்தில்கூட நபியவர்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. ஒரு கேலி முடிந்தபின் கேலிக்கு ஆளானவர் எங்கே நிற்கிறார் என்பதே நமக்குக் கிடைக்கும் அளவுகோல்.

இந்த அளவுகோலை நம் ஊர் வாழ்வில் வைத்துப் பார்ப்போம். கொமரலிங்கத்தில் இரு நண்பர்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் பல ஆண்டுகள் திருப்பூரில் டெய்லராக இருந்துவிட்டு, ஊரிலேயே நான்கு தையல் இயந்திரங்களைப் போட்டு ஜாப் ஒர்க் தொடங்குகிறார். கம்பெனியிலிருந்து வெட்டிய துணி வரும். தைத்துக் கொடுத்தால் பீஸ் கணக்கில் கூலி வரும். கம்பெனி பணம் தரத் தாமதித்தாலும் வேலை செய்தவர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும். அவர் கடன் வாங்கிச் சில வாரங்களைச் சமாளிக்கிறார். பின்னர் இரண்டு இயந்திரங்களை விற்கிறார். ஒரு மாலையில் அமராவதி ஆற்றங்கரையில் தம் நண்பரிடம் மட்டும் இதைச் சொல்லிக் கலங்குகிறார். நண்பரும் ஆறுதல் கூறுகிறார்.

அடுத்த வாரம் ஒரு வலீமா விருந்து. பந்தியில் உறவினரும் ஊராரும் அமர்ந்திருக்க, அதே நண்பர் குரலை உயர்த்துகிறார்: “வாங்க எக்ஸ்போர்ட் முதலாளி! இந்தச் சனிக்கிழமை சம்பளம் போட்டாச்சா மாப்ளே?” எல்லோரும் சிரிக்கிறார்கள். டெய்லரும் சிரிக்கிறார். வேறு என்ன செய்வார்?

சிரித்தவர்களுக்கு அது பொதுவான கேலி. சனிக்கிழமை என்னும் சொல்லின் வலி அந்தப் பந்தியில் இருவருக்கு மட்டுமே தெரியும். நம்பிக் கொடுத்த செய்தியிலிருந்து செய்த ஊசி அது. காயமும் ஏற்படும், சாட்சியும் இராது. எதிர்த்துக் கேட்டால் “விளையாட்டுக்குத்தானே சொன்னேன், இதற்குப் போய்க் கோபமா?” என்னும் விடை ஆயத்தமாக இருக்கும். விளக்கம் சொன்னாலோ, மறைத்த கடனைத் தம் வாயாலேயே ஊராருக்கு அறிவிக்க நேரும்.

இத்தகைய வழக்கம் எதைக் காட்டுகிறது? பெரும்பாலும், அந்த நண்பர் நம்மோடு ஓர் ஒப்பீட்டில் இருக்கிறார் என்பதையே காட்டுகிறது. தனிமையில் ஏணி தேவையில்லை. ஏறிக் காட்ட அங்கு யாரும் இல்லை. கூட்டத்தில் தாம் ஒரு படி மேலே தெரிய வேண்டுமானால், நெருங்கியவரின் தோள்தான் எளிதில் எட்டும். இது பகையாக இருக்க வேண்டும் என்பதில்லை. நம் முயற்சி அவருக்குள் எழுப்பிய பொறாமையாகவோ, தம் நிலை குறித்த அச்சமாகவோ இருக்கலாம்.

ஆயினும் தீர்ப்புக்கு விரையக் கூடாது. கூட்டத்தைக் கண்டால் பதறி, வாய்க்கு வந்ததைப் பேசுவோர் உண்டு. கேலியே பாசம் என்று வளர்ந்த வீடுகளும் உண்டு. அவர்களிடமிருந்து இவரை வேறுபடுத்திப் பார்க்கச் சில அடையாளங்கள் உதவும். அவர் தம்மையும் அதே அளவு கேலி செய்துகொள்கிறாரா? தம்மைவிட வசதியானவரிடமும் அதே துணிவு வருகிறதா? வாட்ஸ்அப் குழுவில் எழுதும் அதே சொல்லைத் தனிச் செய்தியிலும் எழுதுவாரா? எல்லாவற்றிலும் பெரிய சோதனை, வலிக்கிறது என்று அறிந்தபின் அவர் என்ன செய்கிறார் என்பதே. அறியாமல் செய்தவர் வெட்கப்பட்டு நிறுத்துவார். வேறு நோக்கம் உடையவர், அந்த முறையீட்டையே அடுத்த கூட்டத்திற்குக் கேலிப் பொருளாக்குவார்.

அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் பரிகாசத்தையும் பட்டப்பெயரையும் தடுக்கிறது. இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் நாவின் தீங்குகளை எடுத்துரைக்கையில், வேடிக்கைப் பேச்சை ஒரு தலைப்பிலும் பரிகாசத்தை வேறொரு தலைப்பிலும் வைத்துள்ளார்கள். பரிகாசம் விலக்கப்படுவது, அதனால் நோவு அடைபவர் விஷயத்தில்தான் என்பது அவர்களின் விளக்கம். தம்மையே கேலிப் பொருளாக்கி மகிழ்பவரைக் குறித்துச் சொன்னால் அது வேடிக்கையில் சேரும். ஆகவே சொன்னவரின் நோக்கம் மட்டும் இங்குத் தீர்ப்பாகாது. கேட்டவரின் நெஞ்சும் கணக்கில் வரும்.

பாதிக்கப்பட்டவர் பந்தியிலேயே பதிலடி கொடுத்தால் கூட்டத்துக்கு இரண்டாவது வேடிக்கை கிடைக்கும். அப்போதைக்குச் சிரிப்பில் கலந்துகொள்ளாமல், “அதைத் தனியாகப் பேசுவோம்” என்று அமைதியாகச் சொன்னால் போதும். பின்னர் தனிமையில், பொதுவாகக் குறைகூறாமல், இந்த இடத்தில், இன்னார் முன்னிலையில், இந்தச் சொல்லைச் சொன்னீர், இதை உம்மை நம்பிச் சொல்லியிருந்தேன் என்று குறிப்பாகக் கூற வேண்டும். அதன்பிறகும் தொடர்ந்தால் நட்பை முறிக்க வேண்டியதில்லை. ஸலாமும் நலம் விசாரிப்பும் இருக்கட்டும். உள்ளத்து இரகசியங்கள் மட்டும் வேறிடம் செல்லட்டும்.

பார்வையாளருக்காகவே இந்தக் கேலி நடக்கிறது என்றால், அதன் விசையும் பார்வையாளர் கையில்தான் உள்ளது. கனடாவின் டொராண்டோ நகரப் பள்ளி மைதானங்களில் சிறுவர்கள் ஒருவரையொருவர் கொடுமைப்படுத்துவதைப் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள் 2001-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். வேறொரு சிறுவர் குறுக்கிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் 10 வினாடிகளுக்குள் அது நின்றுவிட்டது. பெரியவர்களின் பந்தி வேறு, பள்ளி மைதானம் வேறு என்பது உண்மையே. ஆயினும் அந்த வலீமாவில் யாரேனும் ஒருவர் சிரிக்காமல், “அவர் துணிந்து தொழில் தொடங்கினாரே, நம்மில் எத்தனை பேர் தொடங்கினோம்?” என்று கேட்டிருந்தால், ஸாஹிருக்கு (ரலி) அந்தச் சந்தையில் கிடைத்தது டெய்லருக்கு அந்தப் பந்தியில் கிடைத்திருக்கும்.